அப்பா வாங்கிய 10 பங்கு இன்று 640 ஆனது எப்படி? போனஸ், ஸ்ப்ளிட், பைபேக் தேதிகளை வைத்துப் பழைய பங்கின் வரலாற்றைத் தேடும் வழி

வீட்டில் பெரியவர் யாரோ 2003-ல் இன்ஃபோசிஸ் பங்கு 10 வாங்கிப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். விலை ஒரு பங்குக்கு 4,000 ரூபாய், மொத்தம் 40,000. கையில் இருப்பது அந்தக் காலத்து கான்ட்ராக்ட் நோட் ஒன்று மட்டும்தான். இப்போது டீமேட் கணக்கைத் திறந்தால் 640 பங்கு என்று காட்டுகிறது. இடையில் புரோக்கரை மாற்றியதால், 'வாங்கிய விலை' என்ற இடம் காலியாக இருக்கிறது. மொபைல் ஆப்பில் 2003-ம் ஆண்டு சார்ட்டைப் பார்த்தால் பங்கு விலை 60 ரூபாய் சொச்சம் என்கிறது. நோட்டில் 4,000, சார்ட்டில் 60. எது உண்மை?

இரண்டுமே உண்மைதான். 4,000 என்பது அன்று கொடுத்த பணம். 60 சொச்சம் என்பது, அதற்குப் பிறகு வந்த போனஸ்களுக்கெல்லாம் சேர்த்துச் சரிக்கட்டிய விலை. இரண்டுக்கும் நடுவில் என்னென்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது என்று தெரியாமல் பங்கை விற்றால், வரிக் கணக்கில் ஒன்று அதிகமாகக் கட்டுவீர்கள், இல்லையென்றால் குறைவாகக் காட்டி நோட்டீஸ் வாங்குவீர்கள். அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். உதாரணமாக இன்ஃபோசிஸையே எடுத்துக்கொள்வோம். போனஸ், ஸ்ப்ளிட், இரண்டு வகை பைபேக் என எல்லாமே இந்த ஒரு பங்கில் நடந்திருக்கிறது.

முதலில் பெருக்கல் எண்

போனஸ் என்றால் நிறுவனம் தன் சேமிப்பில் இருந்து ஒரு பகுதியை மூலதனமாக மாற்றி, இருக்கும் பங்குதாரர்களுக்கு இலவசமாகப் புதிய பங்கு கொடுப்பது. ஸ்ப்ளிட் என்றால் இருக்கும் பங்கையே உடைப்பது. 10 ரூபாய் முக மதிப்புள்ள ஒரு பங்கு, 5 ரூபாய் முக மதிப்புள்ள இரண்டு பங்காகும். கையில் இருக்கும் எண்ணிக்கை இரண்டிலும் கூடும், விலை அதே விகிதத்தில் குறையும். கணக்கு இவ்வளவுதான்:

```
போனஸ் a:b   →  (a + b) / b
ஸ்ப்ளிட்     →  பழைய முக மதிப்பு / புதிய முக மதிப்பு
```

நம் ஊரில் போனஸை எழுதும் முறையில்தான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். 'போனஸ் 3:1' என்றால், ஒரு பங்குக்கு மூன்று புதிய பங்கு. ஏற்கெனவே இருக்கும் ஒன்றையும் சேர்த்தால் நான்கு. அதாவது பெருக்க வேண்டியது 3-ஆல் அல்ல, 4-ஆல். 2004 ஜூலையில் இன்ஃபோசிஸ் கொடுத்தது இந்த 3:1 போனஸ்தான்.

2003-க்குப் பிறகு நடந்தவற்றை வரிசைப்படுத்தினால் 10 பங்கின் கதை இப்படிப் போகிறது:

2004 ஜூலை, போனஸ் 3:1. 10 பங்கு 40 ஆனது.
2006 ஜூலை, போனஸ் 1:1. 40 பங்கு 80 ஆனது.
2014 டிசம்பர், போனஸ் 1:1. 80 பங்கு 160 ஆனது.
2015 ஜூன், போனஸ் 1:1. 160 பங்கு 320 ஆனது.
2018 செப்டம்பர், போனஸ் 1:1. 320 பங்கு 640 ஆனது.

மொத்தப் பெருக்கல் எண் 64. வாங்கிய விலை 4,000-ஐ 64-ஆல் வகுத்தால் 62 ரூபாய் 50 காசு. சார்ட் காட்டிய 60 சொச்சம் இதுதான். 2004-ல் 4-க்குப் பதிலாக 3-ஆல் பெருக்கியிருந்தால் 480 பங்குதான் வரும். டீமேட்டில் 640 இருக்க, '160 பங்கு எங்கிருந்து வந்தது?' என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆர்வத்துக்காக இன்னும் பின்னால் போகலாம். 1993-ல் இன்ஃபோசிஸ் 95 ரூபாய்க்குப் பொதுப் பங்கு வெளியிட்டது. அதற்குப் பிறகு 1994, 1997, 1999-ல் மூன்று முறை 1:1 போனஸ், 2000-ம் ஆண்டு ஜனவரியில் 10 ரூபாய் முக மதிப்பை 5 ரூபாயாக்கிய ஸ்ப்ளிட். அதாவது நான்கு முறை இரட்டிப்பு, 16 மடங்கு. மேலே உள்ள 64-உடன் பெருக்கினால் 1,024. அன்று 100 பங்கு வாங்கி அப்படியே வைத்திருந்தவரிடம் இன்று 1,02,400 பங்கு இருக்கும்.

சரி, எந்தத் தேதியை எடுப்பது?

ஒரு போனஸுக்கு ஒரு தேதி இல்லை, நான்கைந்து தேதிகள் இருக்கின்றன. செய்தியில் நாம் படிப்பது பெரும்பாலும் இயக்குநர் குழு அறிவித்த நாள். கணக்குக்கு அது உதவாது.

2018 போனஸையே பாருங்கள். ஜூலை 13 அன்று காலாண்டு முடிவுகளோடு சேர்த்து 1:1 போனஸுக்கு இயக்குநர் குழு பரிந்துரைத்தது. அன்று எதுவும் மாறவில்லை, பங்குதாரர்கள் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கிடைத்த பிறகு செப்டம்பர் 5-ஐ ரெக்கார்டு தேதியாக நிர்ணயித்தார்கள். அன்று யார் பெயர் பட்டியலில் இருக்கிறதோ அவர்களுக்குப் போனஸ். ஆனால் விலை பாதியானது செப்டம்பர் 5-ல் அல்ல, அதற்கு முந்தைய நாளான செப்டம்பர் 4-ல். அதுதான் எக்ஸ் தேதி.

ஏன் ஒரு நாள் முன்னால்? அப்போது சந்தையில் பங்கு வாங்கினால் இரண்டு வர்த்தக நாள் கழித்துத்தான் டீமேட்டுக்கு வரும். செப்டம்பர் 3, திங்கட்கிழமை வாங்கியவருக்குப் புதன்கிழமை 5-ம் தேதி பங்கு வந்துவிடும், போனஸும் உண்டு. செவ்வாய்க்கிழமை வாங்கியவருக்கு 6-ம் தேதிதான் வரும், போனஸ் கிடையாது. அதனால் செவ்வாய் காலையிலேயே பங்கு பாதி விலையில் வர்த்தகமானது. முந்தைய நாள் 1,400 ரூபாய்க்கு மேல் இருந்தது, அன்று 700 சொச்சத்துக்கு வந்தது.

2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளும் ஒரே வர்த்தக நாளில் செட்டில் ஆகின்றன. அதனால் இப்போது பொதுவாக எக்ஸ் தேதியும் ரெக்கார்டு தேதியும் ஒரே நாள். பழைய போனஸ் ஒன்றுக்கு இன்றைய விதியைப் பொருத்தி, ரெக்கார்டு தேதியில் விலையைச் சரிக்கட்டினால் ஒரு நாள் தள்ளிவிடும். அந்த ஒரு நாளில் உங்கள் எக்செல் ஷீட்டில் பங்கு 50% சரிந்தது போலத் தெரியும், சந்தையில் அப்படி எதுவுமே நடந்திருக்காது. ஷீட்டில் ஒரே நாளில் மைனஸ் 50% வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இன்னொரு தேதியும் இருக்கிறது: போனஸ் பங்கு ஒதுக்கப்பட்ட நாள். வரிக்கு இதுதான் முக்கியம். போனஸ் பங்கை எத்தனை காலம் வைத்திருந்தீர்கள் என்பது ஒதுக்கப்பட்ட நாளில் இருந்துதான் தொடங்கும், பழைய பங்கை வாங்கிய நாளில் இருந்து அல்ல. ஸ்ப்ளிட் அப்படியில்லை. அது பழைய பங்கே உடைந்தது என்பதால், முதலில் வாங்கிய தேதியே தொடரும். வாங்கிய விலையும் அப்படியே பிரியும்.

ஆக, விலையைச் சரிக்கட்ட எக்ஸ் தேதி, வரிக்கு ஒதுக்கீட்டுத் தேதி. அறிவிப்புத் தேதி செய்திக்கு மட்டும்.

எங்கே தேடுவது?

பிஎஸ்இ இணையதளத்தில் இன்ஃபோசிஸின் குறியீடு 500209. அந்தப் பக்கத்தில் இரண்டு தனித்தனி இடங்கள் உண்டு. ஒன்று `Corp Announcements`, அதாவது நிறுவனம் அனுப்பிய கடிதங்கள். இன்னொன்று `Corp Actions`, அதாவது சந்தை தன் பக்கத்தில் பதிவு செய்த நிகழ்வுகள். இரண்டாவதில் எக்ஸ் தேதி, விகிதம் எல்லாம் ஒரே வரியில் கிடைத்துவிடும். தொடங்க அது போதும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் அதற்கான கடிதத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. முக்கியமாக, ரெக்கார்டு தேதியை அறிவிக்கும் கடிதம். இயக்குநர் குழு கூட்டத்தின் முடிவைச் சொல்லும் கடிதத்தில் தேதி பெரும்பாலும் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்றே இருக்கும்.

தொண்ணூறுகளில் நடந்தவற்றுக்கு இந்தத் தேடல் கை கொடுக்காது. நிறுவனத்தின் பழைய ஆண்டறிக்கைகளில் பங்கு மூலதனம் பற்றிய குறிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

என்எஸ்இ-யில் வேறொரு சிக்கல். இன்று INFY என்று தேடுகிறோம். 2011-ல் நிறுவனம் 'இன்ஃபோசிஸ் டெக்னாலஜிஸ்' என்ற பெயரை 'இன்ஃபோசிஸ்' என்று மாற்றிக்கொள்ளும் வரை அந்தக் குறியீடு INFOSYSTCH. அன்றாட விலைப் பட்டியலான பவ்காப்பியின் பழைய கோப்புகளில் INFY என்று தேடினால் எதுவும் கிடைக்காது. பங்கு அப்போது பட்டியலிலேயே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பவ்காப்பி ஏன் தேவை? அதில் இருப்பது அன்று உண்மையிலேயே நடந்த விலை, எதற்கும் சரிக்கட்டாதது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் விலை வரலாறு அப்படியல்ல. யாஹூ ஃபைனான்ஸில் `Adj Close` என்ற பத்தி மட்டும்தான் சரிக்கட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே `Close` பத்தியும் ஸ்ப்ளிட், போனஸுக்குச் சரிக்கட்டப்பட்டதுதான். `Adj Close`-ல் டிவிடெண்டும் சேர்த்துக் கழிக்கப்பட்டிருக்கும். ஏற்கெனவே சரிக்கட்டிய விலையை எடுத்து நீங்கள் மறுபடி 64-ஆல் வகுத்தால், 4,000 ரூபாய்ப் பங்கு ஒரு ரூபாய்க்கும் கீழே போய்விடும்.

எங்கே ஏமாறுகிறோம்?

முதல் இடம், 2014-ம் 2015-ம். 2014 அக்டோபர் 10-ல் ஒரு 1:1 போனஸ் அறிவிப்பு, டிசம்பர் 2 எக்ஸ் தேதி. 2015 ஏப்ரல் 24-ல் இன்னொரு 1:1 போனஸ் அறிவிப்பு, ஜூனில் அமல். ஏழு மாதத்துக்குள் ஒரே விகிதத்தில் இரண்டு. பட்டியலைத் தொகுப்பவர் 'இது அதேதான், இரண்டு தடவை வந்திருக்கிறது' என்று ஒன்றை அழித்துவிட வாய்ப்பு அதிகம். போதாக்குறைக்கு, சில பட்டியல்கள் நிதியாண்டைப் போடும், சில நாட்காட்டி ஆண்டைப் போடும். 2004 ஜூலை போனஸ் ஓரிடத்தில் 2004 என்றும், வேறோர் இடத்தில் நிதியாண்டு 2005 என்றும் இருக்கும். இங்கே எதிர் ஆபத்து, ஒரே போனஸை இரண்டாக எண்ணிவிடுவது.

இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு காலாண்டும் நிறுவனம் பங்குதாரர் விவரத்தைச் சந்தைக்குத் தர வேண்டும். அதில் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை இருக்கும். 2014 செப்டம்பரில் இன்ஃபோசிஸுக்குச் சுமார் 57.4 கோடி பங்குகள். டிசம்பரில் சுமார் 114.8 கோடி. 2015 ஜூனில் சுமார் 229.7 கோடி. இரண்டு முறை இரட்டிப்பாகியிருப்பது கண்ணுக்கே தெரிகிறது. நடந்தது இரண்டு போனஸ்தான், சந்தேகமே வேண்டாம்.

இரட்டிப்பு போனஸாலா ஸ்ப்ளிட்டாலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செலுத்தப்பட்ட மூலதனத்தைப் பாருங்கள். முக மதிப்பு 5 ரூபாய் என்பதால் 57.4 கோடி பங்குக்கு மூலதனம் சுமார் 287 கோடி ரூபாய், 114.8 கோடி பங்குக்கு 574 கோடி. மூலதனமும் கூடவே இரட்டிப்பானால் போனஸ். பங்கு எண்ணிக்கை கூடி, மூலதனம் அப்படியே நின்றால் ஸ்ப்ளிட். வரிக்கு இரண்டும் வேறு வேறு என்பதால் இந்த வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும்.

ஐஎஸ்ஐஎன் எண்ணிலும் ஒரு துப்பு ஒளிந்திருக்கிறது. இன்ஃபோசிஸின் எண் INE009A01021. இதில் 10, 11-வது இடங்களில் உள்ள `02` என்பது வரிசை எண். முக மதிப்பு மாறினால் புதிய எண் கொடுப்பார்கள், வரிசையும் கூடும். இன்ஃபோசிஸ் ஒரு முறை ஸ்ப்ளிட் செய்ததால் `02`. எச்டிஎஃப்சி வங்கி 2011-ல் ஒரு முறை, 2019-ல் ஒரு முறை பங்கைப் பிரித்தது, அதன் எண் INE040A01034, அங்கே `03`. ரிலையன்ஸ் INE002A01018, `01` தான். 2009, 2017, 2024-ல் போனஸ் கொடுத்தும் எண் மாறவில்லை, ஏனென்றால் முக மதிப்பு 10 ரூபாயாகவே இருக்கிறது. மூலதனக் குறைப்பு போன்ற வேறு காரணங்களாலும் எண் மாறலாம் என்பதால் இது துப்பு மட்டுமே, ஆதாரம் அல்ல. ஆனால் உங்கள் பட்டியலில் ஒரு ஸ்ப்ளிட்கூட இல்லாமல் ஐஎஸ்ஐஎன்-ல் `02` இருந்தால், எதையோ விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது இடம், அமெரிக்கத் தரவு. இன்ஃபோசிஸ் நியூயார்க்கிலும் INFY என்ற பெயரிலேயே வர்த்தகமாகிறது. அங்கே வர்த்தகமாவது பங்கு அல்ல, பங்கைப் பிரதிநிதித்துவப்படுத்தும் ஏடிஎஸ். 2004-க்கு முன் ஒரு ஏடிஎஸ் என்பது அரைப் பங்கு. 2004 ஜூலையில் இங்கே 3:1 போனஸ் கொடுத்தபோது, அங்கே ஒரு ஏடிஎஸ்ஸுக்கு ஒன்றுதான் கூடுதலாகக் கொடுத்து, ஒரு ஏடிஎஸ் என்றால் ஒரு பங்கு என்று விகிதத்தையும் மாற்றினார்கள். அதனால் அதே நிகழ்வு மும்பையில் 4 மடங்கு, நியூயார்க்கில் 2 மடங்கு. அமெரிக்கப் பட்டியலை எடுத்து இந்தியப் பங்குக்குப் பொருத்தினால் 640-க்குப் பதில் 320 வரும். எந்தச் சந்தையின் பட்டியல் என்று பார்க்காமல் காப்பி பேஸ்ட் செய்தால் இதுதான் கதி.

பைபேக் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

பைபேக்குக்குப் பெருக்கல் எண் கிடையாது. நிறுவனம் சில பங்குகளைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கி அழித்துவிடுகிறது. விற்காதவரின் பங்கு எண்ணிக்கை மாறாது, பழைய விலையையும் சரிக்கட்டத் தேவையில்லை. ஆனாலும் தேதியைத் தவறவிட்டால் இரண்டு விதத்தில் குழப்பம் வரும்.

ஒன்று, பைபேக் விலை. 2017 ஆகஸ்ட் 18-ல் தலைமைச் செயல் அதிகாரி விஷால் சிக்கா ராஜினாமா செய்தார். பங்கு 920 ரூபாய் சொச்சத்துக்கு இறங்கியது. மறுநாளே 13,000 கோடி ரூபாய் பைபேக்குக்கு இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தது. விலை பங்குக்கு 1,150 ரூபாய், அதாவது சந்தை விலையைவிடச் சுமார் 25% அதிகம். இன்று சார்ட்டைத் திறந்தால் அந்த ஆகஸ்ட் 18-ன் விலை 460 அளவில் காட்டும், ஏனென்றால் 2018 போனஸுக்குப் பாதியாக்கப்பட்டிருக்கிறது. கடிதத்தில் உள்ள 1,150 மட்டும் அப்படியே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், நிறுவனம் இரண்டரை மடங்கு விலை கொடுத்தது போலத் தோன்றும். ஒப்பிட வேண்டுமென்றால் 1,150-ஐயும் பாதியாக்கி 575 என்று எடுக்க வேண்டும்.

இன்னொன்று, காணாமல் போன பங்குகள். டீமேட்டில் 640-க்குப் பதில் 620 இருக்கிறது என்று வையுங்கள். 20 பங்கு எங்கே? இன்றைய 20 என்பது 2018 போனஸுக்கு முன் 10. அதற்கு முன் ஏதாவது நடந்ததா என்று பார்த்தால், 2017 பைபேக் நிற்கிறது. ரெக்கார்டு தேதி நவம்பர் 1, பங்கை ஒப்படைக்க நவம்பர் 30 முதல் டிசம்பர் 14 வரை நேரம். டிசம்பர் 2017 வங்கிக் கணக்கில் 10 பங்குக்கு உரிய 11,500 ரூபாயோ அதை ஒட்டிய தொகையோ வரவு இருந்தால், விடை கிடைத்துவிட்டது. இல்லையென்றால் சாதாரண விற்பனையாக இருக்கலாம், அந்த ஆண்டின் டீமேட் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

2017-ல் நடந்தது டெண்டர் முறை. ரெக்கார்டு தேதி உண்டு, கடிதம் வரும், பங்கை ஒப்படைப்பதா வேண்டாமா என்பது நம் விருப்பம். 2025-ல் 1,800 ரூபாய்க்கு 10 கோடி பங்கு வாங்கியதும் அதே முறைதான். நடுவில் 2019, 2021, 2022-23-ல் நடந்த பைபேக்குகள் வேறு மாதிரி. நிறுவனமே சந்தைக்குள் வந்து, ஓர் உச்ச விலைக்குள், பல வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியது. அதற்கு ரெக்கார்டு தேதியும் இல்லை, எக்ஸ் தேதியும் இல்லை. விற்றவருக்குத் தன் பங்கை வாங்கியது நிறுவனமா வேறு யாரோவா என்பதுகூடத் தெரியாது. `Corp Actions` பட்டியலை மட்டும் நம்பினால் இவை கண்ணில் படாமலே போகலாம். மொத்தப் பங்கு எண்ணிக்கை காலாண்டுக்குக் காலாண்டு மெல்லக் குறைவதுதான் அடையாளம்.

வரி விஷயத்தில் பைபேக்கின் விதி அடிக்கடி மாறியிருக்கிறது. 2019 ஜூலை 5 முதல் பட்டியலிட்ட நிறுவனங்களின் பைபேக்கிலும் வரியை நிறுவனமே கட்டியது. 2024 அக்டோபர் 1 முதல், கிடைத்த தொகை முழுவதும் பங்குதாரரின் டிவிடெண்ட் வருமானம் என்று ஆனது. பழைய பைபேக் ஒன்றைக் கணக்கில் காட்டும்போது, அது நடந்த நாளில் இருந்த விதியைத்தான் பார்க்க வேண்டும்.

பணம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது?

இப்போது 640 பங்குக்கே திரும்புவோம். 2018 ஜனவரி 31-க்கு முன் வாங்கிய பங்குக்கு ஒரு சலுகை உண்டு. அன்று சந்தையில் இருந்த உச்ச விலையை, வாங்கிய விலைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். விற்கும் விலை அதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் விற்கும் விலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்ஃபோசிஸ் அன்று 1,150 ரூபாய் அளவில் இருந்தது. கணக்கு எளிமைக்காக 1,150 என்றே வைப்போம்.

அந்த நாளில் பெரியவரிடம் இருந்தது 320 பங்கு. மீதி 320 அதற்குப் பிறகு, 2018 செப்டம்பரில் போனஸாக வந்தது. ஜனவரி 31-க்குப் பிறகு வந்த போனஸுக்கு அந்தச் சலுகை இல்லை, வாங்கிய விலை பூஜ்யம். 2004 முதல் 2015 வரை வந்த போனஸ்களுக்குச் சலுகை உண்டு. ஒரே பங்கு, ஒரே டீமேட், ஆனால் பாதிக்கு விலை 1,150, பாதிக்கு விலை பூஜ்யம். 2018 போனஸ் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தேதி மட்டுமே.

பெரியவர் 1,500 ரூபாய் விலையில் 320 பங்கை விற்கிறார் என்று வைப்போம். டீமேட்டில் முதலில் வந்தது முதலில் போகும் என்பதே விதி, அதனால் விற்கப்படுவது பழைய 320. லாபம் பங்குக்கு 350 ரூபாய், மொத்தம் 1,12,000. நீண்டகால மூலதன ஆதாயத்தில் ஆண்டுக்கு 1,25,000 வரை வரி இல்லை. அந்த ஆண்டில் வேறு ஆதாயம் இல்லையென்றால், கட்ட வேண்டியது எதுவும் இல்லை.

இதே விற்பனைக்குச் சார்ட்டில் இருந்து 2018 ஜனவரி 31 விலையை எடுத்தால் 575 என்று காட்டும். லாபம் பங்குக்கு 925, மொத்தம் 2,96,000. 1,25,000 போக மீதி 1,71,000-க்கு 12.5% வரி, 21,375 ரூபாய். இதற்கு மேல் செஸ் வேறு. இல்லாத வரியைக் கட்டுகிறீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அடுத்த ஆண்டு மீதி 320-ஐயும் அதே விலையில் விற்கிறார். 'ஜனவரி 31 விலை 1,150' என்று இதற்கும் போட்டால் லாபம் 1,12,000 என்று வரும். உண்மையான லாபம் 4,80,000. 1,25,000 போக 3,55,000-க்கு 12.5% என்றால் 44,375 ரூபாய் வரி. அதைக் கட்டாமல் விட்டதாக ஆகும். எந்தப் பங்கு எந்தத் தேதியில் வந்தது என்று வருமான வரித் துறை கேட்டால், டீமேட் அறிக்கையின் 2018 செப்டம்பர் வரியே பதில் சொல்லிவிடும்.

640 பங்கையும் ஒரே ஆண்டில் விற்றால் வேடிக்கை ஒன்று நடக்கும். 320-க்கு 1,150, 320-க்குப் பூஜ்யம் என்று எடுத்தாலும், 640-க்கும் 575 என்று எடுத்தாலும் மொத்த லாபம் அதே 5,92,000 தான். அதனால்தான் சார்ட் விலையை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் பலருக்குத் தவறு கண்ணில் படுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விற்கும்போதுதான், அதுவும் ஒவ்வொரு ஆண்டும் 1,25,000 வரம்புக்குள் விற்கலாம் என்று திட்டமிடும்போதுதான், அது கையைக் கடிக்கும்.

இந்த முறை எங்கே போதாது?

இன்ஃபோசிஸில் இல்லாத சிலவற்றுக்கு இந்தப் பெருக்கல் கணக்கு வேலை செய்யாது. 2023-ல் ரிலையன்ஸில் இருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தது போன்ற நிகழ்வுகளில், பழைய பங்கின் விலையை இரண்டு நிறுவனங்களுக்கும் எந்தச் சதவீதத்தில் பிரிப்பது என்பதை நிறுவனம் தனியாக அறிவிக்கும், அந்தக் கடிதத்தைத் தேட வேண்டும். உரிமைப் பங்கு வெளியீட்டில் பணம் கொடுத்து வாங்குகிறோம், ஆகவே அதற்குத் தனித் தேதி, தனி விலை. 3:2 போன்ற விகிதத்தில் போனஸ் வந்து, உங்களிடம் ஒற்றைப்படை எண்ணில் பங்கு இருந்தால், அரைப் பங்குக்குப் பதிலாகப் பணம் வந்திருக்கும். கணக்கில் ஒன்றிரண்டு பங்கு இடித்தால், வங்கிப் பாஸ்புக்கில் அந்தச் சில்லறைத் தொகையைத் தேடிப் பாருங்கள்.